சலம் பிளேன் டீ மாதிரிப் போகுது, முகமும் அதைச்சிருக்கு

கேள்வி:
டொக்டர், என்ரை மகனுக்கு 8 வயசு. ரெண்டு கிழமைக்கு முன்னம் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து கிளினிக் ஒண்டிலை காட்டினாங்கள், அமொக்ஸிசிலின் தந்தவை, காய்ச்சல் விட்டவுடனை மூண்டு நாளோடை நிப்பாட்டிட்டன். நேற்றுப் பின்னேரத்திலை இருந்து சலம் பிளேன் டீ நிறத்திலை போகுது. எரிவு, நோ ஒண்டும் இல்லை. இண்டைக்குக் காலமை எழும்பேக்கை முகமும் கண்மடலும் அதைச்சிருந்தது, பின்னேரம் கொஞ்சம் வத்தின மாதிரி. அம்மா இது செங்கமாரி எண்டு கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுக்கச் சொல்லுறா, சூட்டுக்கெண்டு இளநீரும் குடுத்தாச்சு. ஆள் ஓடி விளையாடித்தான் திரியிறான். திங்கட்கிழமை காட்டினாப் போதுமோ? நான் மருந்தை நிப்பாட்டினதாலையோ இது வந்தது?
கோப்பாயிலை இருந்து ஒரு அம்மா

பதில்:
திங்கட்கிழமை வரைக்கும் வைச்சிருக்கவேண்டாம் தங்கச்சி, இண்டைக்கு ராத்திரியே கூட்டிக்கொண்டு போங்கோ. உங்களுக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கிட்ட, அங்கை போறது நல்லம். தூர இருந்து இதை வாசிக்கிற ஆக்கள் பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி எண்டு எது கிட்டவோ அங்கை முதல் போங்கோ, அவை பாத்துப்போட்டுத் தேவையெண்டால் அனுப்புவினம். லாபிலை யூரின் செய்து ரிப்போட் கையிலை வந்தாப் பிறகு போவம் எண்டு நிக்கவேண்டாம். ஏனெண்டால் இந்தப் பிள்ளைக்கு முதல் பாக்கவேண்டியது யூரின் இல்லை, பிரசர். ஓபிடியிலை நிக்கிறவையிட்டை "ரெண்டு கிழமைக்கு முன்னம் தொண்டை நோ, இப்ப சலம் தேத்தண்ணி நிறம், முகம் வீக்கம்" எண்டு மூண்டையும் ஒரே மூச்சிலை சொல்லுங்கோ, தனித்தனியாச் சொன்னால் சில நேரம் அலர்ஜி எண்டு ஒரு பாணி மருந்தோடை திருப்பி அனுப்பிப்போடுவினம். பிரசர் பாக்கேக்கை சின்னப் பிள்ளையின்ரை பட்டி போட்டுப் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ, பெரிய ஆக்களின்ரை பட்டியைச் சுத்திப் பாத்தால் உள்ளதிலும் பாக்கக் குறைச்சுத்தான் காட்டும், நோமல் எண்டு நம்பி வீட்டை வந்திடுவியள்.

செங்கமாரி எண்டு உங்கடை அம்மா நினைச்சதிலை பிழை சொல்லேலாது, எங்கடை ஊரிலை சலம் கடும் நிறமாப் போனால் முதல் வாற யோசினை அதுதானே. ஆனால் செங்கமாரியிலை கண் வெள்ளை மஞ்சளாகும், சாப்பாட்டிலை மனம் போகாது, அருவருக்கும், சலத்திலை வாற நுரைகூட மஞ்சளா இருக்கும். உங்கடை மகனைப் பகல் வெளிச்சத்திலை நிப்பாட்டிக் கண்ணைப் பாத்திருந்தால் வெள்ளையாத்தான் இருந்திருக்கும். இது பித்த நிறம் இல்லை, ரத்தம். ரத்தமெண்டால் சிவப்பா எல்லோ இருக்கவேணும் எண்டு கேப்பியள், சலப்பையிலையோ சலக்குழாயிலையோ காயம், கல்லு எண்டால் அப்பிடித்தான் சிவப்பா, சில நேரம் கட்டியாயும் வரும். கிட்னிக்குள்ளை மேலையே கசியிற ரத்தம், புளிப்புத் தன்மையான சலத்தோடை சேந்து கனநேரம் கிடந்து இறங்கி வாறதாலை கபில நிறமாப் போயிடும், அதுதான் பிளேன் டீ, கோலா மாதிரித் தெரியிறது. நோவும் இருக்காது, கட்டியும் இருக்காது, தொடக்கத்திலை இருந்து கடைசிச் சொட்டு வரைக்கும் ஒரே நிறம். ஒரு லீற்றர் சலத்திலை ஒரு மில்லிலீற்றர் ரத்தம் சேந்தாலே நிறம் மாறினது கண்ணுக்குத் தெரியும், அதாலை பிள்ளையின்ரை ரத்தமெல்லாம் போகுதெண்டு பயப்பிடவேண்டாம். இந்த வருத்தத்திலை பயப்பிடவேண்டிய இடம் நிறம் இல்லை, அதுக்குப் பிறகு வாறன்.

முதல் இது என்னெண்டு சொல்லுறன். நீங்கள் எழுதின மூண்டும், அந்த ரெண்டு கிழமைக் கணக்கும் சேரேக்கை எனக்கு முதல் வாற சந்தேகம், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியாலை வாற தொண்டை நோவுக்குப் பிறகு வாற கிட்னி அழற்சி. கிருமி கிட்னிக்குள்ளை போறேல்லை. கிருமியை அடிக்க உடம்பு செய்யிற எதிர்ப்புப் பொருளும் கிருமியின்ரை துண்டுகளும் ஒண்டோடை ஒண்டு ஒட்டி, கிட்னியிலை ரத்தத்தை வடிக்கிற அந்தப் பொடி வடிகளிலை போய்ப் படிஞ்சு அதை அழற்சியாக்கும். இப்பிடி நடக்க நாள் எடுக்கும். தொண்டை நோவுக்குப் பிறகெண்டால் ஒண்டிலை இருந்து மூண்டு கிழமைக்குள்ளை, பெரும்பாலும் பத்து நாளளவிலை வரும். காலிலை கையிலை சிரங்கு வந்தாப் பிறகெண்டால் மூண்டிலை இருந்து ஆறு கிழமை கூடச் செல்லும், சிரங்கு காஞ்சு எல்லாரும் மறந்தாப் பிறகு வரும். தொண்டை நோவோடையே, அண்டைக்கோ அடுத்த நாளோ சலம் இப்பிடிப் போனால் அது வேறை ஒரு கிட்னி வருத்தமா இருக்கலாம், ஐஜிஏ எண்டு சொல்லுற வகை. அதாலைதான் வாட்டிலை டொக்டர்மார் "தொண்டை நோ எப்ப வந்தது, எப்ப விட்டது" எண்டு திரும்பத் திரும்பக் கேக்கிறவை. போறதுக்கு முதல் அந்தத் திகதியை மருந்துத் துண்டைப் பாத்து எழுதிக்கொண்டு போங்கோ.

இப்ப பயப்பிடவேண்டிய இடம். வடி அழற்சியானவுடனை வடியிற அளவு குறைஞ்சிடும், ஆனால் வடிச்சதிலை இருந்து உப்பைத் திருப்பி உறிஞ்சி எடுக்கிற குழாய்கள் வழமைபோலை வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அப்ப உப்பு உடம்பிலை தங்கும், உப்பு தங்கினால் தண்ணியும் தங்கும், அந்தத் தண்ணி ரத்தக் குழாய்க்குள்ளையும் ஏறிப் பிரசரைக் கூட்டும். காலமையிலை கண்ணைச் சுத்தி வீங்கிறதும் இதாலைதான். ராத்திரி படுத்திருக்கேக்கை தண்ணி கண்ணடியிலை இருக்கிற இளகின தோலுக்குள்ளை சேரும், எழும்பித் திரியத் திரிய காலுக்கு இறங்கும். பின்னேரம் முகம் வத்தினது வருத்தம் குறைஞ்சதாலை இல்லை தங்கச்சி, தண்ணி இடம் மாறியிருக்கு. கணுக்காலுக்கு மேலை எலும்பிலை பெருவிரலாலை கொஞ்ச நேரம் அமத்திப்போட்டு எடுங்கோ, குழி விழுந்து நிண்டால் விளங்கும்.

அதாலை இளநீரை இப்பவே நிப்பாட்டுங்கோ. சலம் கடும் நிறமெண்டால் சூடு, சூடெண்டால் நல்லாத் தண்ணி குடுக்கவேணும் எண்டது எங்கடை ஆக்களின்ரை ரத்தத்திலை ஊறின கணக்கு, நெருஞ்சில் அவிச்சுக் குடுப்பினம், பார்லித் தண்ணி குடுப்பினம், இன்னும் சிலர் ஜீவனி கரைச்சுக் குடுப்பினம். வெயிலுக்கை விளையாடிச் சலம் மஞ்சளாப் போற பிள்ளைக்கு அது சரி. சலம் இறங்காமல் தண்ணி தேங்கி நிக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு கிளாசும் பிரசரைத்தான் ஏத்தும். இளநீரிலை இன்னொரு கரைச்சல், அதிலை பொட்டாசியம் கனக்க இருக்கு, ஜீவனியிலை உப்பும் பொட்டாசியமும் ரெண்டும் இருக்கு. சலம் குறைவாப் போகேக்கை பொட்டாசியம் வெளியிலை போகாமல் ரத்தத்திலை கூடினால் இதயத் துடிப்பையே குழப்பும். கீழ்க்காய்நெல்லியைப் பற்றி நான் வாதாட வரேல்லை, ஆனால் அதைக் குடுத்துப்போட்டு "நாளைக்குப் பாப்பம்" எண்டு இருக்கிற ரெண்டு நாள்தான் இந்த வருத்தத்திலை மோசமான நாள். காய்ச்சல், தலையிடி எண்டால் பரசிட்டமோல் குடுக்கலாம், புரூஃபன், மெஃபனமிக் அசிட், டைக்ளோஃபெனக் வகை ஒண்டும் குடுக்கவேண்டாம், அதுகள் கிட்னிக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

ஓடி விளையாடுறான் எண்டு எழுதியிருந்தியள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுறன். இதே மாதிரி ஒரு 9 வயசுப் பெடியனை எங்கடை வாட்டுக்குக் கொண்டுவந்தவை, ஊர் சொல்லேல்லை. நாலு நாளாக் கோலா நிறத்திலை சலம், முகம் அதைப்பு, மூண்டு நாளும் அவன் பள்ளிக்கூடம் போய் கிரிக்கெட்டும் விளையாடினவன். வீட்டிலை இளநீரும் பார்லியும் மாறி மாறி. நாலாம் நாள் பின்னேரம் தலையிடி எண்டு படுத்தவன், ரெண்டுதரம் சத்தி எடுத்தவன், தாய் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை எண்டு நினைச்சிட்டா. பிறகு ரீவி ரெண்டாத் தெரியுது எண்டு சொன்னாப் பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவை. வாட்டுக்குள்ளை வந்து கொஞ்ச நேரத்திலை வலிப்பு. பிரசர் 150க்கு 100, அந்த வயசுப் பிள்ளைக்கு 100, 110க்கு 65, 70தான் வழமை. பிரசர் அவ்வளவு ஏறினால் மூளை வீங்கும், தலையிடி, சத்தி, பார்வை மங்கிறது, பிள்ளை மாறிமாறிக் கதைக்கிறது, பிறகு வலிப்பு எண்டு அந்த ஒழுங்கிலைதான் பெரும்பாலும் போகும். வலிப்பை நிப்பாட்டி, பிரசரை மெல்ல மெல்லமா (ஒரேயடியா இறக்கினாலும் ஆபத்து) இறக்கினது.

அவனுக்குப் பள்ளிக்கூட மருத்துவப் பரிசோதினையிலை எழுதின நிறை 26 கிலோ, வாட்டிலை நிறுக்க 28.2. நாலு நாளிலை சதை போடேலாது, அந்த 2.2 கிலோவும் தண்ணி, ரெண்டு லீற்றருக்கு மேலை. கிட்னி வடிச்சு வெளியேத்திற கழிவான கிரியாட்டினின் ரத்தத்திலை 1.2, பெரிய ஆளுக்கு அது நோமல் எண்டு விட்டிடுவினம், 26 கிலோப் பிள்ளைக்கு 0.5 அளவிலை இருக்கவேணும், அப்ப கிட்னி அரைவாசிதான் வேலை செய்யுது எண்டு அர்த்தம். முதல் நாள் 24 மணித்தியாலத்துக்கும் போன சலம் 300 மில்லி. அவனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கக் குடுக்கலாம் எண்டதுக்குக் கணக்கு இருக்கு, மூச்சாலையும் தோலாலையும் போற தண்ணி அவன்ரை உடம்பளவுக்கு ஏறக்குறைய 400 மில்லி, அதோடை முந்தின நாள் போன சலம் 300, எல்லாமா 700. பால், தேத்தண்ணி, ரசம், மருந்து விழுங்கக் குடிக்கிற தண்ணி எல்லாம் அந்த 700க்குள்ளைதான். தாய்க்கு இது விளங்கப்படுத்தத்தான் கஷ்டப்பட்டது, பிள்ளை தாகமெண்டு அழ அழக் குடுக்காமல் இருக்கிறது லேசில்லை. 700 மில்லியை ஒரு போத்திலிலை காலமையே அளந்து வைச்சு, அதிலை இருந்துதான் எல்லாம் எண்டு சொன்னாப் பிறகு சரிவந்தது. சலம் போக ஃபுரூசமைட் ஊசி, கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் கணக்கிலை, பிரசருக்கு நிஃபெடிப்பின். அஞ்சாம் நாள் சலம் உடைச்சுக்கொண்டு போகத் தொடங்கினது, ஒரு நாளைக்கு ஒண்டரை லீற்றருக்கு மேலை, ஒரு கிழமைக்குள்ளை நிறை 25.8க்கு இறங்கி வீக்கமும் வத்தி, பிரசரும் மருந்தில்லாமல் நிண்டது. நாலாம் கிழமை கிரியாட்டினின் 0.5. டயாலிசிஸ் ஒண்டும் தேவைப்படேல்லை, பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவைப்படாது. முதல் நாளே பிரசர் பாத்திருந்தால் அந்த வலிப்பும் வந்திராது.

உங்கடை மகனுக்குப் போற வழியிலை தலையிடி, சத்தி, பார்வை வித்தியாசம், நீட்டிப் படுக்க மூச்செடுக்கக் கஷ்டம் எண்டு ஏதாவது தெரிஞ்சால் ஓட்டோ தேடிக்கொண்டு நிக்காமல் 1990க்கு எடுங்கோ, அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

ரிப்போட்டைப் பற்றி ஒண்டு சொல்லவேணும், ஏனெண்டால் இதாலைதான் கனபேர் பாதை மாறிப் போறவை. யூரின் ஃபுல் ரிப்போட்டிலை சிவப்பு அணு நிறைய எண்டும் புரோட்டீன் ரெண்டு பிளஸ் எண்டும் வரும், அதோடை பஸ் செல்ஸ், அதாவது வெள்ளை அணு, 15, 20 எண்டும் கிடக்கும். பஸ் செல் எண்டதைக் கண்டவுடனை "யூரின் இன்பெக்சன்" எண்டு சொல்லி அன்டிபயோட்டிக்கும் எழுதி, நல்லாத் தண்ணி குடுங்கோ எண்டும் சொல்லிவிடுறது நடக்குது. கிட்னி அழற்சியிலை வெள்ளை அணுவும் சேந்துதான் வரும், அது கிருமிக்கு அடையாளம் இல்லை. எரிவு இல்லை, காய்ச்சல் இல்லை, முகம் வீங்கியிருக்கு எண்டால் அது உண்மையா இன்பெக்சன்தானோ எண்டு நீங்களே கேள்வி கேக்கலாம். ரிப்போட்டிலை ரெட் செல் காஸ்ட்ஸ் எண்டு ஒரு சொல் இருந்தால் ரத்தம் கிட்னி வடியிலை இருந்துதான் வருது எண்டு அநேகமா முடிவு. இன்னொரு பக்கம், முகம் வீங்கி, நிறம் மாறாமல் நுரையா சலம் போய், புரோட்டீன் மூண்டு நாலு பிளஸ் எண்டு வந்தால் அது நெஃப்ரோட்டிக் எண்ட வேறை கதை, மருந்தும் வேறை.

ரத்தத்திலை ஏஎஸ்ஓடி எண்டு ஒண்டு செய்வினம், அது கிருமி வந்து போனதுக்குச் சாட்சி. சிரங்குக்குப் பிறகெண்டால் அது கூடாமலும் இருக்கலாம், அதை வைச்சு இல்லையெண்டு சொல்லேலாது. அதைவிட முக்கியம், ரத்தத்திலை சி3 எண்ட எதிர்ப்புச் சக்திப் புரதம் எவ்வளவு எண்டு பாக்கிற பரிசோதினை. இந்த வருத்தத்திலை சி3 நல்லாக் குறைஞ்சிருக்கும், ஆறு எட்டுக் கிழமையிலை தானா ஏறி வழமைக்கு வரும். ஏறினால்தான் முதல் சொன்ன வருத்தம் சரி எண்டு உறுதி. எட்டுப் பன்ரெண்டு கிழமை தாண்டியும் குறைஞ்சே கிடந்தால், எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கிற லூபஸ் மாதிரி, அல்லது சி3யோடை சம்பந்தப்பட்ட வேறை நாட்பட்ட கிட்னி வருத்தம் ஏதும் ஒளிச்சிருக்கோ எண்டு பாக்கவேணும், கிட்னியிலை இருந்து துண்டெடுத்துப் பாக்கிற பயொப்சி அப்பதான் கதைக்கு வரும். கன தாய் தேப்பன் பிள்ளை விளையாடத் தொடங்கினவுடனை அந்த எட்டாம் கிழமை கிளினிக்கை விட்டிடுறவை, தயவுசெய்து அதை மட்டும் விடாதேங்கோ.

மருந்தை நிப்பாட்டினதாலையோ எண்டு கேட்டிருந்தியள். இல்லை எண்டுதான் சொல்லுவன். ஸ்ட்ரெப் தொண்டை நோவுக்குப் பத்து நாள் முழுக்க மருந்து குடுக்கிறது முக்கியமா ருமாட்டிக் காய்ச்சல், அதாவது இதய வால்வைப் பிடிக்கிற வருத்தம், வராமல் இருக்க. அதிலை மருந்து நல்லா உதவும். கிட்னி அழற்சியை அப்பிடி நம்பிக்கையாத் தடுக்கும் எண்டு சொல்லேலாது, பத்து நாளும் ஒழுங்கா விழுங்கின பிள்ளைகளுக்கும் வந்திருக்கு. அதுக்காக மூண்டு நாளோடை நிப்பாட்டினது சரி எண்டு நான் சொல்லேல்லை, அடுத்தமுறை முடிச்சுக் குடுங்கோ. இப்ப வாட்டிலை திருப்பிப் பென்சிலின் பத்து நாளைக்குத் தருவினம், அது கிட்னியைச் சுகமாக்க இல்லை, தொண்டையிலை அந்தக் கிருமி இன்னும் ஒட்டியிருந்தால் அதை அழிச்சு வீட்டிலை மற்றவைக்குத் தொத்தாமல் இருக்க. மாதாமாதம் பென்சிலின் ஊசி போடவேணும் எண்டு ஆராவது சொன்னால் அது ருமாட்டிக் காய்ச்சலுக்கு, இதுக்கு இல்லை. இந்த வருத்தம் ரெண்டாந்தரம் வாறது சரியான குறைவு.

வீட்டை வந்தாப் பிறகு சாப்பாட்டிலை உப்பைத்தான் பிடிக்கவேணும், பிரசரும் வீக்கமும் முழுக்க இறங்கும் வரைக்கும். கறிக்கு உப்புப் போடாமல் பிள்ளைக்கு வேறயா எடுத்து வைச்சுப்போட்டு, கருவாடு, மிக்சர், மோர்மிளகாய், ஊறுகாய், பக்கெட் நூடில்ஸ் குடுத்தால் பிரயோசனம் இல்லை. கூழ் காச்சினால் அவனுக்கு ஊத்தாதேங்கோ, அதிலை உப்பும் தண்ணியும் ரெண்டும் சேந்து கிடக்கு. சோறு, முட்டை, மீன், பருப்பு எல்லாம் குடுக்கலாம், புரதத்தைக் குறைச்சுப் பிள்ளையைக் காயப்போடுற பழக்கம் தேவையில்லை. வாழைப்பழம், தோடம்பழம், இளநீர் சலம் நல்லாப் போய், பொட்டாசியம் நோமல் எண்டு சொன்னாப் பிறகு. ஒவ்வொரு நாளும் காலமை சலம் போனாப் பிறகு, சாப்பிட முதல், ஒரே தராசிலை நிறுத்து எழுதி வையுங்கோ, ஒரு நாளிலை அரைக் கிலோவுக்குக் கிட்ட ஏறினால் வீக்கம் கண்ணுக்குத் தெரிய முதலே போய்க் காட்டலாம்.

நிறம் ஒரு கிழமை ரெண்டு கிழமையிலை தெளிஞ்சிடும். ஆனால் இடையிலை ஒரு தடிமன் காய்ச்சல் வந்தால் திரும்ப ஒண்டு ரெண்டு நாள் லேசாக் கபிலமாப் போகலாம், அப்ப பிரசரும் நிறையும் சரியெண்டால் பதறவேண்டாம், கிளினிக்கிலை சொல்லுங்கோ. புரோட்டீன் மாதக்கணக்கிலை மெல்லக் குறையும். கண்ணுக்குத் தெரியாமல் நுணுக்குக்காட்டியிலை மட்டும் தெரியிற சிவப்பு அணு ஒரு வருசம், சில பிள்ளைகளுக்கு ரெண்டு வருசமும் இருக்கும், ரிப்போட்டிலை "ஆர்பிசி 8 - 10" எண்டு கண்டு வேறை வேறை டொக்டரிட்டை ஓடித் திரியாதேங்கோ. நூறு பிள்ளையிலை 95க்கு மேலை முழுசாச் சுகமாகிற வருத்தம் இது. வவுனியா, அனுராதபுரம் பக்கம் கமக்காரருக்கு வாற நாட்பட்ட கிட்னி வருத்தத்தோடையும், எங்கடை கிணத்துக் கல்லுத் தண்ணியோடையும் இதுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, கிணத்தை மாத்தச் சொல்லி ஆரும் வந்தால் மாத்தவேண்டாம்.

மகனுக்குக் கூடப்பிறந்த பிள்ளைகள் வீட்டிலை இருந்தால் அவைக்கும் ஒருக்கா யூரின் செய்து, பிரசரும் பாருங்கோ, ஒரே கிருமி வீட்டுக்குள்ளை சுத்தியிருக்கும், நிறம் மாறாமல் உள்ளுக்குள்ளை மட்டும் இந்த அழற்சி வாற பிள்ளைகள் வெளியிலை தெரியிற பிள்ளைகளை விடக் கனபேர்.